தமிழ் வினைச்சொற்களின் வகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வார இறுதிகளில் பிறமொழியினருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்புக்கு வருபவர்களும், அவர்களின் தமிழ்த் தோழர்களும், சில பள்ளி ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள் இங்கே உள்ளன. பெரும்பாலானவை வினைச்சொல்லைப் பற்றியவை. தமிழில் மனப்பாடம் தேவைப்படும் இடம் அதுதான்.

“ஓடினான், நடந்தான், படித்தான், செய்தான். எல்லாமே இறந்தகாலம்தானே, ஏன் நான்கும் நான்கு விதமாக இருக்கின்றன?”

ஒவ்வொரு வினையும் ஒரு வாய்பாட்டைச் சேர்ந்தது. காலம் காட்டும் உறுப்பை எந்த வடிவத்தில் ஏற்பது என்பதை அந்த வாய்பாடு தீர்மானிக்கிறது. பொருளில் வேறுபாடு ஏதும் இல்லை. ‘ஓடினான்’ என்பதில் உள்ள ‘இன்’ காட்டுவதும் ‘செய்தான்’ என்பதில் உள்ள ‘த்’ காட்டுவதும் ஒரே இறந்தகாலம்தான். ஒரே பொருளுக்குப் பல வடிவங்கள் இருந்து, எந்தச் சொல்லுக்கு எந்த வடிவம் என்பது சொல்லைப் பொறுத்து அமையும்போது, அந்தச் சொற்கூட்டங்களைத் திரிபு வகுப்புகள் என்கிறோம். லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் பெயர்ச்சொல், வினைச்சொல் இரண்டுக்கும் இத்தகைய வகுப்புகள் உண்டு. தமிழில் வினைக்கு மட்டுமே உண்டு என்பது என் கருத்து. காரணத்தைப் பெயர்ச்சொல் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

“நான் தமிழ் வழியில் படித்தவன். பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு வகைப்பாடு பாடத்தில் வந்ததே இல்லையே?”

வந்திருக்கிறது, வேறு பெயரில். நீங்கள் எழுதிய விடைகளை நினைத்துப் பாருங்கள்.

செய்தான் = செய் + த் + ஆன்.
படித்தான் = படி + த் + த் + ஆன்.
நடந்தான் = நட + த்(ந்) + த் + ஆன்.

மூன்றிலும் இடைநிலை ‘த்’ ஒன்றுதான். ‘படித்தான்’ என்பதில் முதலில் வரும் ‘த்’தைச் சந்தி என்று எழுதினீர்கள். ‘நடந்தான்’ என்பதில் அந்தச் சந்தி ‘ந்’ ஆனது விகாரம் என்று எழுதினீர்கள். ‘படிக்கிறான்’ என்பதில் வரும் ‘க்’கும் சந்திதான். இப்போது ‘செய்’ என்பதற்கு ஏன் சந்தி வரவில்லை, ‘படி’க்கு ஏன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒலியை வைத்து விடை கிடைக்காது. ‘அறி’யும் இகரத்தில்தான் முடிகிறது. ஆனால் ‘அறித்தான்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘அறிக்கிறான்’ என்றும் சொல்வதில்லை. ஆக, சந்தி, விகாரம் என்ற இரண்டு கட்டங்களில் நாம் எழுதி வந்தது வினையின் வகுப்பைத்தான்.

பவணந்தி முனிவர் நன்னூலின் 142ஆம் நூற்பாவில் த், ட், ற், இன் என்பவற்றை இறந்தகால இடைநிலைகளாகத் தருகிறார். 137ஆம் நூற்பாவில் நட, வா, மடி, சீ, விடு என்று தொடங்கி 23 வினைப்பகுதிகளை வரிசைப்படுத்துகிறார். அது ஈற்றெழுத்தை வைத்துச் செய்த வரிசை. எந்த வினை எந்த இடைநிலையை ஏற்கும் என்ற பட்டியல் அதில் இல்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுதிய நூலுக்கு அது தேவைப்படவும் இல்லை. வெளியிலிருந்து வந்து கற்பவருக்குத்தான் அந்தப் பட்டியல் வேண்டும்.

“ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். ‘இந்த வருஷம் செடி நன்றாகக் காய்ந்தது’ என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன், பதறிப் போய்விட்டார். எங்கே தவறினேன்?”

நீங்கள் சொல்ல வந்தது ‘காய்த்தது’. எழுதியது ‘காய்ந்தது’. செடி பட்டுப்போனது என்று அவர் புரிந்துகொண்டிருப்பார்.

இரண்டுக்கும் பகுதி ‘காய்’ என்பதே. ஏவலாகச் சொன்னால் எழுத்தும் ஒலியும் ஒன்றே. வாய்பாடு மட்டும் வேறு. ஈரம் போவது என்ற பொருளில்: காய்ந்தது, காய்கிறது, காயும், காய, காய்ந்து, காயாது, காய்தல். காய் பிடிப்பது என்ற பொருளில்: காய்த்தது, காய்க்கிறது, காய்க்கும், காய்க்க, காய்த்து, காய்க்காது, காய்த்தல். இரண்டு வரிசையையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். முதல் வரிசையில் ஓரிடத்தில்கூட ‘க்க்’, ‘த்த்’ என்ற இரட்டிப்பு இல்லை. இரண்டாவது வரிசையில் ஒவ்வோர் இடத்திலும் இருக்கிறது. முதல் வகையை மெல்வினை என்றும் இரண்டாவதை வல்வினை என்றும் இந்தப் பக்கத்தில் அழைக்கிறேன்.

உங்கள் தோட்டத்து வேலையையே எடுத்துக்கொண்டால், செடி காய்க்கிறது, பழுத்ததைப் பறிக்கிறீர்கள், பறித்தது களத்தில் காய்கிறது. காப்பியைக் காய்ச்சிக் குடிப்பது மூன்றாவது வினை. அதன் பகுதி ‘காய்ச்சு’, இறந்தகாலம் ‘காய்ச்சினார்’. அது ‘ஓடினார்’ வகை.

தவறியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், நிகழ்காலத்தைச் சொல்லிப் பாருங்கள். ‘செடி காய்கிறது’ என்றால் தண்ணீர் விட வேண்டும். ‘செடி காய்க்கிறது’ என்றால் கூடை கொண்டுவர வேண்டும்.

“ஒரு புத்தகத்தில் ஏழு வகை என்கிறார்கள். அகராதியில் பத்துக்கு மேல் எண்கள் இருக்கின்றன. உண்மையில் எத்தனை?”

எதை ஒலிமாற்றம் என்று கழித்துவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏழு வகை என்ற பகுப்பு ஜெர்மானிய அறிஞர் கார்ல் கிரவுலின் 1855ஆம் ஆண்டு இலக்கணத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஒவ்வொரு வினைக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. ‘படி-தல்’ என்பதற்கு 4, ‘படி-த்தல்’ என்பதற்கு 11, ‘நட-த்தல்’ என்பதற்கு 12 என்று காணலாம்.

அங்கே எண்கள் பெருகுவதற்குக் காரணம் மெய்யெழுத்தில் முடியும் வினைகள். உண்டான், தின்றான் இரண்டும் பார்வைக்குச் ‘செய்தான்’ போல இல்லை. ஆனால் ‘ண்’ முன் ‘த்’ வந்தால் ‘ட்’ ஆகும், ‘ன்’ முன் வந்தால் ‘ற்’ ஆகும். பொன் + தாமரை ‘பொற்றாமரை’ ஆவதில் அந்த மாற்றத்தின் சாயலைப் பார்க்கலாம். அதைக் கழித்துவிட்டால் உண், தின் இரண்டும் செய் வகையில் சேர்ந்துவிடும். அதேபோல ஆண்டான், கொன்றான் ஆகியவை அறிந்தான் வகை. கேட்டான், கற்றான் ஆகியவை படித்தான் வகை. நின்றான், நிற்கிறான் நடந்தான் வகை.

இப்படிக் கழித்தால் என் கணக்கில் ஆறு மிஞ்சுகிறது:

செய்தான், செய்கிறான்
அறிந்தான், அறிகிறான்
ஓடினான், ஓடுகிறான்
விட்டான், விடுகிறான்
படித்தான், படிக்கிறான்
நடந்தான், நடக்கிறான்

முதல் நான்கு மெல்வினை, கடைசி இரண்டு வல்வினை. ஆறுதான் சரி, பத்துக்கு மேல் என்பது தவறு என்று சொல்லமாட்டேன். அகராதியில் தேடுபவருக்கு எல்லா வடிவமும் எழுத்தில் தெரிவது வசதி. மனத்தில் வைத்துக்கொள்பவருக்கு ஆறு போதும்.

“சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்து வகையைக் கண்டுபிடிக்க முடியாதா? ஏதாவது ஒரு விதி சொல்லுங்கள் ஐயா.”

சில ஈறுகள் காட்டிக்கொடுக்கும், சில கைவிரித்துவிடும். எது எது என்று தெரிந்துகொள்வதுதான் பயன் தரும்.

அகரத்தில் முடிந்தால் கவலையே இல்லை. நட, கட, பற, திற, மற, பிற, அள, கல, சும எல்லாம் நடந்தான் வகை. நெடில் முன்னே வந்தோ சொல் நீண்டோ குற்றியலுகரத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஓடினான் வகை. பேசினார், ஏறினார், இறங்கினார், வாங்கினார், திரும்பினார், எழுதினார். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநர் செய்யும் பாதி வேலையை இந்த ஒரு வகையால் சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘போடு’ என்பது ஆடு, பாடு, ஓடு, தேடு போலவே ஒலிக்கும். ஆனால் ‘போடினான்’ இல்லை, ‘போட்டான்’. வகுப்பில் அதிகம் திருத்துவது இதைத்தான். ‘புறப்படினான்’, ‘சாப்பிடினான்’ என்ற பிழைகளும் வரும். அவை கூட்டுவினைகள். புறப்படு என்பதில் ‘படு’ இருக்கிறது, சாப்பிடு என்பதில் ‘இடு’ இருக்கிறது. பட்டான், இட்டான் என்பதால் புறப்பட்டான், சாப்பிட்டான். சொல் எவ்வளவு நீண்டாலும் கடைசியில் நிற்கும் வினையின் வகையே அதற்கு வரும்.

யகர ஈற்றில் ஓர் அழகான ஒழுங்கு உண்டு. உயிர் குறிலாக இருந்தால் ‘த்’: செய்தார், பெய்தது, கொய்தார், எய்தான். சேலத்து நெசவாளர் தறியில் நெய்தார். நெடிலாக இருந்தால் ‘ந்த்’: பாய்ந்தது, மேய்ந்தது, தேய்ந்தது, ஆய்ந்தார். ‘உய்’ மட்டும் குறிலாக இருந்தும் ‘உய்ந்தான்’ என்று விலகி நிற்கிறது. ‘காய்த்தது’, ‘தேய்த்தார்’ போன்ற வல்வினைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கைவிரிக்கும் இடம் குறில் இணைந்து உகரத்தில் முடியும் சின்னச் சொற்கள். அழு, உழு, தொழு, எழு, விழு ஐந்தையும் சொல்லிப் பாருங்கள். அச்சில் வார்த்தது போல ஒலிக்கின்றன. அழுதான், உழுதான், தொழுதான். ஆனால் எழுந்தான், விழுந்தான். விடு என்றால் விட்டான், எடு என்றால் எடுத்தான். படு என்பது ‘துன்பப்பட்டான்’ என்பதில் ஒரு வகை, ‘பாயில் படுத்தான்’ என்பதில் வேறு வகை. இவற்றுக்கு விதி தேடாதீர்கள். ஒவ்வொன்றையும் இறந்தகாலத்தோடு சேர்த்தே மனத்தில் ஏற்றுங்கள். இகர, ஐகார ஈறுகளும் இப்படித்தான். அலை என்றால் அலைந்தார், அரை என்றால் அரைத்தார்.

“தன்வினை என்றால் மெல்வினை, பிறவினை என்றால் வல்வினை என்று நண்பர் சொன்னார். அதை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிடலாமா?”

நண்பர் சொன்னது இணைகளுக்குப் பொருந்தும். சாலை வளைந்தது, ஓட்டுநர் வண்டியை வளைத்தார். மூடுபனி பிரிந்தது, கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். வேலை முடிந்தது, வேலையை முடித்தார். ஒரே பகுதி இரண்டு வகையிலும் வந்தால், தானாக நடப்பது அறிந்தான் வகையிலும், ஒருவர் செய்வது படித்தான் வகையிலும் இருப்பதே வழக்கம்.

இணை இல்லாத வினைகளுக்கு அது பொருந்தாது. ‘அறிந்தார்’ செயப்படுபொருளை ஏற்கிறது, ஆனாலும் மெல்வினை. குளித்தார், சிரித்தார், இனித்தது ஆகியவற்றுக்குச் செயப்படுபொருள் தேவையில்லை, ஆனாலும் வல்வினை. மேலே பார்த்த ‘காய்த்தது’ இணையாக வந்தும் விதியை மதிக்கவில்லை. செடி எதையும் காயவைக்கவில்லை, தானே காய்த்தது.

எல்லாப் பிறவினையும் வகை மாறுவதால் பிறப்பதும் இல்லை. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வெள்ளி உருகியது, பத்தர் உருக்கினார். உருகு, உருக்கு இரண்டும் ஓடினான் வகையே. இங்கே மாறியது பகுதி, வகை மாறவில்லை.

“ஒரு வினையை எழுதி வைத்துக்கொள்ள எத்தனை வடிவம் குறிக்க வேண்டும்?”

இரண்டு. ‘செய’ என்னும் எச்சமும் ‘செய்து’ என்னும் எச்சமும்.

ஒன்று ஏன் போதாது? ‘அறிந்து’, ‘நடந்து’ இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. நிகழ்காலம் அறிகிறான், நடக்கிறான் என்று பிரிகிறது. ‘அறிய’, ‘நடக்க’ என்று குறித்திருந்தால் அது தெரிந்திருக்கும். மறுபக்கம், ‘படிக்க’, ‘நடக்க’ இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. இறந்தகாலத்தில்தான் படித்து, நடந்து என்று பிரிகின்றன. இரண்டையும் சேர்த்துக் குறித்தால் ஆறு வகையும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

இறந்தகாலமும் அதன் எச்சங்களும் ‘செய்து’ வடிவத்திலிருந்து கிடைக்கும். நிகழ்காலம், எதிர்காலம், எதிர்மறை ஆகியவை ‘செய’ வடிவத்திலிருந்து கிடைக்கும். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வினைச்சொல்லை ஒட்டி அடைப்புக்குறிக்குள் தருவது இந்த இரண்டு வடிவங்களைத்தான். உண்பான், தின்பான், காண்பான் போன்றவற்றில் மட்டும் மெல்வினையாக இருந்தும் எதிர்காலத்தில் ‘வ்’ வராமல் ‘ப்’ வருகிறது. ‘ண்’, ‘ன்’ ஈறுகளில் அப்படி வரும் என்று தெரிந்திருந்தால் தனியாகக் குறிக்க வேண்டாம்.

“புதிதாக ஒரு வினைச்சொல்லை உருவாக்கினால் அது எந்த வகைக்குப் போகும்?”

ஓடினான் வகைக்கோ படித்தான் வகைக்கோ போகும். பதிவேற்று என்று வந்ததும் ‘பதிவேற்றினார்’ என்றோம். யாரும் தயங்கவில்லை. மேம்படுத்து, நவீனமயமாக்கு எல்லாம் இதே வழி. வடமொழியிலிருந்து வந்து இகரத்தில் முடிந்தவை படித்தான் வகையில் சேர்ந்தன: யோசித்தார், தியானித்தார், விவாதித்தார். செய்தான் வகையிலும் விட்டான் வகையிலும் புதுப் பகுதிகள் சேர்வதில்லை. அங்கே இருப்பவை பழைய, சின்ன, அன்றாடச் சொற்கள். ஆங்கிலச் சொற்களைப் பெரும்பாலும் ‘செய்’ என்ற துணையோடு வழங்குவதால், அவற்றுக்கு வகை தேட வேண்டிய வேலையே நமக்கு இல்லை.

“பஸ்ஸில் ‘சேலத்தில்’, ‘ஏற்காட்டில்’, ‘மேட்டூரில்’ என்று கேட்கிறேன். பெயர்ச்சொல்லிலும் இப்படி வகைகள் இருக்கின்றனவே?”

மாற்றம் இருக்கிறது, ஆனால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் மூன்று ஊர்களிலும் உருபு ‘இல்’ ஒன்றே. உருபுக்கு முன்னால் பெயர் மட்டும் வடிவம் மாறுகிறது. ‘அம்’ என்று முடிந்தால் ‘அத்து’ வரும்: சேலத்தில், தாரமங்கலத்தில். உயிரை அடுத்து ‘டு’, ‘று’ என்று முடியும் குற்றியலுகரம் இரட்டிக்கும்: ஏற்காட்டில், திருமணிமுத்தாற்றில். மற்றவை அப்படியே நிற்கும், அல்லது உடம்படுமெய் பெறும்: ஆத்தூரில், சங்ககிரியில், வாழப்பாடியில்.

லத்தீன் பெயர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். எஜமானன் என்ற பொருளுள்ள ‘டொமினுஸ்’, கை என்ற பொருளுள்ள ‘மானுஸ்’, உடல் என்ற பொருளுள்ள ‘கோர்புஸ்’ மூன்றும் எழுவாயாக வரும்போது ‘உஸ்’ என்றே முடிகின்றன. ஆறாம் வேற்றுமையில் அவை ‘டொமினி’, ‘மானூஸ்’, ‘கோர்போரிஸ்’ என்று மூன்று வழியில் பிரிகின்றன. எழுவாயை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் லத்தீன் அகராதிகள் பெயரோடு ஆறாம் வேற்றுமையையும் சேர்த்து அச்சிடுகின்றன. தமிழ் அகராதிக்கு அந்தத் தேவை இல்லை.

இரவல் சொற்களைக் கவனியுங்கள். ‘ஸ்டேடியம்’ வந்ததும் ‘ஸ்டேடியத்தில்’ என்றோம். ‘ரூம்’ வந்தபோது ‘ரூமில்’ என்றே சொன்னோம், ‘ரூத்தில்’ என்று சொல்லவில்லை. இரண்டும் மகர மெய்யில்தான் முடிகின்றன. ஒன்றில் ‘அம்’ இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. யாரும் கற்றுத்தராமலே நாம் ஈற்றைக் கேட்டு முடிவெடுக்கிறோம். ஆகவே இதை வடிவத்தால் வரும் மாற்றம் என்பேன், வகுப்பு என்று சொல்லமாட்டேன்.

“வா, போ, சொல், சா போன்றவை எந்த வகையிலும் வரவில்லையே, அவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டுமா?”

பெரும்பாலும் பகுதிதான் மாறுகிறது, வகை மாறுவதில்லை. வந்தான், வருகிறான், வருவான் என்பவற்றில் ‘வா’ என்பது வ, வரு என்று குறுகுகிறது. மற்றபடி அது அறிந்தான் வகையே. தந்தான், தருகிறான் என்பதும் அப்படியே. கிழங்கு வெந்தது, வேகிறது என்பதிலும் இறந்தகாலத்தில் நெடில் குறுகியதைத் தவிரப் புதிதாக ஒன்றும் இல்லை.

‘சொன்னான்’ தனியாக நிற்பது போலத் தோன்றும். எச்சத்தைக் கேளுங்கள்: ‘சொல்லி’. இகரத்தில் முடியும் எச்சம் ஓடினான் வகையின் அடையாளம். ஓடி, பேசி, வாங்கி, சொல்லி. ‘சொல்லினான்’ என்பது சுருங்கிச் ‘சொன்னான்’ ஆனது. போனான், ஆனான் இரண்டும் இதே வகையின் சுருக்கங்கள். பழைய நூல்களில் ‘போயினான்’, ‘ஆயினான்’ என்ற முழு வடிவங்களைக் காணலாம்.

‘சா’ மட்டும் எனக்கு எங்கும் முழுதாக அடங்கவில்லை. செத்தான் என்று பகுதியின் உயிரும் மாறி ‘த்த்’தும் வருகிறது. அதைப் பார்த்தால் வல்வினை என்று தோன்றும். நிகழ்காலமோ ‘சாகிறான்’ என்று மெல்வினையாக வருகிறது. இதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சாக, செத்து.